சுவர் ஓவியருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது: ஆவுளியாவின் வாலில் நான் கோட்டை விட்ட கதை

எங்கள் பள்ளி மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. பள்ளிச் சுவரில் சம்பளம் வாங்காமல் வரைந்து தர வந்த ஓவியத் தம்பிக்கு நான் எழுதிய முதல் கடிதம் இரண்டே வரிதான்: "கடல், படகு, கடல் பசு இருந்தால் நல்லது. மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

கடல் பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். மாதிரிப் படம் வந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது ஆவுளியா இல்லை. வால் தப்பு" என்றான். வால் அகப்பை மாதிரி உருண்டையாக இருந்தது. தம்பி இணையத்தில் பார்த்து வரைந்தது மானட்டி, அட்லாண்டிக் பக்கத்து உறவு. நம்மூர் ஆவுளியாவுக்கு டால்பின் போலப் பிளந்த வால், முதுகில் துடுப்பு கிடையாது. குற்றம் என் கடிதத்தில்தான்.

இரண்டாவது கடிதத்தை இப்படி எழுதினேன்.

முதலில் சுவர். இருபது அடி நீளம், எட்டடி உயரம். கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து ஜன்னல், குழாய், சுவிட்சுப் பெட்டி மூன்றையும் குறித்தேன். செல்போனில் வரைய செயலி இருக்கிறதாம். எனக்குக் கட்டம் போட்ட நோட்டே போதும். நேர் எதிரே நின்று, அளவுகோலோடு ஒரு பிள்ளையை நிறுத்தி எடுத்த படத்தையும் சேர்த்தேன்.

அடுத்தது படங்கள். பெயரை மட்டும் எழுதாதீர்கள். எந்த இடம், என்ன செய்கிறது, எது தப்பக் கூடாது, இந்த மூன்றும் வேண்டும். என் கடிதத்திலிருந்து:

"அன்புள்ள தம்பி, இடமிருந்து மூன்றாவது அடியில் தொடங்கிப் பத்தாவது அடி வரை தாய் ஆவுளியா. முகம் கீழே வளைந்து கடல் புல் மேய வேண்டும். கண் மூன்றரை அடி உயரத்தில் வரட்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டம் அதுதான். பக்கத்திலேயே குட்டி. ஜன்னலுக்கு வலப்பக்கம் பாசி எடுக்கும் அம்மா ஒருவர்: கண்ணில் முக்குளிக் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் பை. கரையில் குடத்தோடு நிற்கிற பெண் வேண்டாம். வண்ணம் தொடும் முன் இந்த இரண்டையும் பென்சிலில் போட்டு அனுப்புங்கள், பிள்ளைகளிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்."

பென்சில் படம் வந்ததும் வாலை அந்தப் பையனிடமே காட்டினேன். தலையாட்டினான்.

பிற்சேர்க்கை: தொண்டிப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை, "அடியில் வண்ணம் உரிகிறதே" என்று கேட்டிருந்தார். உப்புதான். கீழே இரண்டடி படமே வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சுவரில் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது, காய்ந்த பிறகுதான் வேலை. வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். எனாமல் வேண்டவே வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துச் செதில் செதிலாக உரியும். வெளிச்சுவர் எமல்ஷன் வாங்கித் தாருங்கள்.