ஒரு பிரெட்டின் மாறும் செலவில் தவறினால்: பேக்கரியின் பிரேக் ஈவன் கணக்கு

லாபமும் நட்டமும் இல்லாமல் கடை ஓட எத்தனை விற்க வேண்டும் என்று சொல்லும் பிரேக் ஈவன் சூத்திரம் எளிது. மாதத்தின் நிலையான செலவை, ஒரு பிரெட் தரும் பங்களிப்பால் வகுத்தால் போதும். விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பங்களிப்பு. வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. வகுக்கப் போடும் எண்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். எந்த நாணயத்தில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே வைக்கிறேன். மாதம் வாடகை 35,000, சம்பளம் 40,000, இயந்திரத் தேய்மானம் 8,000, இதர செலவுகள் 7,000, மொத்தம் 90,000. சம்பளக் கணக்கில் உரிமையாளரின் உழைப்புக்கான கூலியும் அடங்கும். அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில் கடை நட்டமில்லாமல் ஓடுவதாகத் தெரியும், ஆனால் உரிமையாளர் மாதம் முழுக்கச் சும்மா உழைத்திருப்பார். 400 கிராம் பிரெட்டின் விலை வரி நீங்கலாக 50. மூலப்பொருள் 18, பையும் அடுப்பின் எரிபொருளும் சேர்ந்து 2. பங்களிப்பு 30. ஆக மாதம் 3,000 பிரெட் விற்றால் போதும் என்று வருகிறது.

அந்த 18 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 10 கிலோ மாவு, 6.2 கிலோ தண்ணீர், 400 கிராம் சர்க்கரை, 400 கிராம் கொழுப்பு, 200 கிராம் உப்பு, 100 கிராம் ஈஸ்ட். பிசைந்தால் 17.3 கிலோ. இதை 400 கிராமால் வகுத்து 43 பிரெட் என்று எழுதி, பொருட்களின் விலை 774-ஐ 43-ஆல் வகுத்ததில் வந்ததுதான் 18. ஆனால் அடுப்பில் வேகும்போது தண்ணீர் ஆவியாகப் போகிறது. 400 கிராம் பிரெட் கையில் வர, அச்சில் சுமார் 450 கிராம் பிசைந்த மாவு வைக்க வேண்டும். பிசையும் பாத்திரத்தின் ஓரத்திலும் மேசையிலும் ஒட்டிப் போவதற்கு 2 சதவீதம் ஒதுக்கினால் மிஞ்சுவது 16.95 கிலோ. அதில் 37 பிரெட்தான் வரும். 774-ஐ 37-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21. பையும் எரிபொருளும் சேர 23.

எடை இழப்பு எவ்வளவு என்பது அச்சின் வடிவம், வேகும் நேரம், மேலோட்டின் தடிமன் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆகவே எங்கோ படித்த சதவீதத்தை நம்புவதைவிட, பத்து அச்சுகளை அடுப்பில் வைக்கும் முன்னும், வெந்து நன்றாக ஆறிய பின்னும் எடை போட்டுப் பார்ப்பதே மேல். சூடாக இருக்கும்போது எடை போட்டால் இழப்பு குறைவாகத் தெரியும், ஏனென்றால் ஆறும்போதும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த தவறும் சிறியதல்ல. சுட்டதை எல்லாம் விற்றதாகக் கணக்கில் கொள்வது. 100 பிரெட் சுட்டு 92 விற்றால், மீந்த 8 பிரெட்டின் செலவையும் அந்த 92 பிரெட்தான் சுமக்க வேண்டும். 23-ஐ 0.92-ஆல் வகுத்தால் 25. பங்களிப்பு 30 அல்ல, 25. இப்போது 90,000-ஐ வகுத்தால் 3,600 பிரெட். 3,000 என்று நம்பி மாதத்தை ஓட்டியவருக்கு 600 பிரெட் குறைகிறது, அதாவது 15,000 நட்டம். மீந்ததை அரை விலைக்குத் தள்ளிவிட்டால் ஓரளவு திரும்பக் கிடைக்கும். அந்த வரவைத் தனி வரியில் எழுதுங்கள். முழு விலை விற்பனையோடு கலந்தால் சராசரி விலை மங்கிப்போய், எது எதனால் குறைந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த இரண்டு கசிவும் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மாதத்தில் பிரெட்டுக்குத் தீர்ந்த மாவை, விற்ற பிரெட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செய்முறைப்படி 450 கிராம் பிசைந்த மாவில் 260 கிராம் மாவு இருக்கிறது. மேலே சொன்ன ஒட்டலையும் மீதத்தையும் சேர்த்தால் விற்ற ஒரு பிரெட்டுக்கு ஏறக்குறைய 288 கிராம் வர வேண்டும். 320 வந்தால், அச்சில் கூடுதலாக வைக்கிறார்கள் அல்லது மீதம் 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது, நிலையான செலவு என்றைக்கும் நிலையாகவே இருக்கும் என்று நினைப்பது. அது ஓர் எல்லை வரைதான் நிலையானது. நம் பேக்கரியின் அடுப்பு ஓர் ஈட்டுக்கு 40 பிரெட் கொள்ளும், இப்போதுள்ள ஆட்கள் ஒரு நாளில் மூன்று ஈடு எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலைநாளில் 3,600 விற்க, நாளுக்கு 139 விற்க வேண்டும். 151 சுட வேண்டும். மூன்று ஈட்டில் வருவது 120-தான். நான்காவது ஈட்டுக்கு ஓர் உதவியாளர் தேவை, சம்பளம் 7,500. நிலையான செலவு 97,500 ஆகிறது. பிரேக் ஈவன் 3,900. நாளுக்கு 150 விற்க வேண்டும், அதற்கு 163 சுட வேண்டும். நான்கு ஈட்டில் 160-தான் வரும்! எட்டிப்பிடிக்கப் போனால் இலக்கு மூன்று பிரெட் தள்ளிப் போய் நிற்கிறது. ஐந்தாவது ஈட்டுக்கும் ஆள் இருக்கிறதா, இல்லை மீதத்தைக் குறைக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி. மீதம் 6 சதவீதமாக இறங்கினால் மாதம் சுமார் 3,820 விற்றாலே போதும். நாளுக்கு 147 விற்க 157 சுட்டால் சரி, நான்கு ஈட்டில் அடங்கிவிடும். வந்த எண்ணை எப்போதும் ஈட்டாக மாற்றிப் பாருங்கள். அடுப்புக்குள் அடங்காத பிரேக் ஈவனால் பயனில்லை.

கடைசியாக, பல பண்டம் விற்கும்போது பங்களிப்பைச் சும்மா கூட்டிப் பாதியாக்குவது. பிரெட் 25, பன் 8 தருகிறது என்றால் சராசரி 16.50 என்று எடுத்து, 5,909 உருப்படி விற்றால் போதும் என்பார்கள். ஒரு பிரெட்டுக்கு மூன்று பன் விற்கும் கடையில் இது செல்லாது. ஒரு பிரெட்டும் மூன்று பன்னும் சேர்ந்த ஒரு கட்டு 49 தருகிறது. 97,500-ஐ 49-ஆல் வகுத்தால் 1,990 கட்டு, அதாவது 1,990 பிரெட், 5,970 பன். மொத்தம் 7,960 உருப்படி. அதே கடையில் விகிதம் ஒன்றுக்கு ஐந்தாக மாறினால் கட்டு 65 தரும், 1,500 கட்டு வேண்டும், உருப்படிகள் 9,000. கல்லாவில் பில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கையில் மட்டும் காசு நிற்கவில்லை என்று தோன்றும் மாதத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். அதற்கு உருப்படிவாரியான விற்பனைப் பட்டியல் வேண்டும். நாள் மொத்தத் தொகை மட்டும் எழுதி வைத்த நோட்டு உதவாது.