ஐடிசி செட் ஆஃப் கணக்கில் மதிப்பெண் போகும் இடங்கள்

ஜிஎஸ்டி பாடத்தில் செட் ஆஃப் கணக்கு என்றால் கூட்டல் கழித்தல்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். கூட்டல் கழித்தலில் யாரும் தவறுவதில்லை, எந்த ஐடிசி வரவை முதலில் எடுப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். ஒரே கணக்கை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஈரோட்டு வியாபாரி ஒருவர் தமிழ்நாட்டுக்குள்ளும் கேரளாவுக்கும் துணி விற்கிறார். இந்த மாதம் அவர் கட்ட வேண்டியது கேரள விற்பனைக்கு ஐஜிஎஸ்டி 20,000, தமிழ்நாட்டு விற்பனைக்கு சிஜிஎஸ்டி 30,000, எஸ்ஜிஎஸ்டி 30,000. கையில் இருக்கும் ஐடிசி, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு, முறையே 50,000, 10,000, 25,000. எல்லாம் ரூபாயில்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, அந்தந்த வரிக்கு அந்தந்த வரவைக் கழிப்பது. ஐஜிஎஸ்டிக்கு 20,000 போனதும் சிஜிஎஸ்டியில் அதன் சொந்த வரவு 10,000, எஸ்ஜிஎஸ்டியில் சொந்த வரவு 25,000 என்று கழித்துவிடுவார்கள். பாக்கி நிற்கும் 20,000க்கும் 5,000க்கும் ஐஜிஎஸ்டி வரவை எடுப்பார்கள். ரொக்கம் எதுவும் கட்ட வேண்டாம், ஐஜிஎஸ்டி வரவில் 5,000 மிச்சம் என்று முடிப்பார்கள். ரொக்கம் இல்லை என்பது சரி. மிச்சம்தான் தவறு.

சிஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 49ஏ 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐஜிஎஸ்டி வரவு முழுவதும் தீர்ந்த பிறகுதான் மற்ற இரண்டு வரவுகளைத் தொடலாம் என்கிறது அது. ஆகவே கட்ட வேண்டிய வரி ஏதாவது பாக்கி இருக்கும் வரை ஐஜிஎஸ்டி வரவில் ஒரு ரூபாய்கூட மிஞ்சக் கூடாது. விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி கிடையாது: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரவைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், ஆனால் ஐஜிஎஸ்டி வரவு மிஞ்சி நிற்கிறது என்றால் வரிசை பிசகிவிட்டது. இந்தப் பிரிவு வருவதற்கு முந்தைய பழைய நோட்ஸைப் பார்த்துப் படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, ஐஜிஎஸ்டிக்குப் போக மீதி 30,000 வரவை எப்படிப் பிரிப்பது? ஆளுக்குப் பாதியாக 15,000 கொடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. கொடுத்துப் பாருங்கள். சிஜிஎஸ்டியில் இன்னும் 15,000 பாக்கி, வரவு 10,000தான், ஆகவே 5,000 ரொக்கம் கட்ட வேண்டும். எஸ்ஜிஎஸ்டியிலோ 10,000 வரவு சும்மா கிடக்கும். அதை எடுத்துச் சிஜிஎஸ்டிக்குக் கட்ட முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. மொத்த வரவு 85,000 இருக்க, மொத்த வரி 80,000தான் இருக்க, கைக்காசு போகிறது. 30,000ஐயும் சிஜிஎஸ்டிக்கே கொடுத்தாலும் இதே கதைதான், அப்போது எஸ்ஜிஎஸ்டிக்கு 5,000 ரொக்கம்.

விதி 88ஏ, எந்த வரிசையிலும் எந்த விகிதத்திலும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறது. அதனால் பிரிப்பதற்கு முன் ஓரமாக ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு வரியிலும் சொந்த வரவு போக எவ்வளவு குறைகிறது? சிஜிஎஸ்டியில் 20,000, எஸ்ஜிஎஸ்டியில் 5,000. இந்த அளவுக்குக் குறையாமல் ஐஜிஎஸ்டி வரவைக் கொடுத்தால் போதும். உதாரணமாகச் சிஜிஎஸ்டிக்கு 25,000, எஸ்ஜிஎஸ்டிக்கு 5,000. ரொக்கம் எதுவும் இல்லை, சிஜிஎஸ்டி வரவில் 5,000 அடுத்த மாதத்துக்குப் போகும். 24,000, 6,000 என்று பிரித்தாலும் சரியே, அப்போது மிச்சம் சிஜிஎஸ்டியில் 4,000, எஸ்ஜிஎஸ்டியில் 1,000. பக்கத்தில் இருப்பவர் விடையோடு உங்கள் மிச்சம் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். எந்த விகிதத்தை எடுத்தீர்கள் என்று விடையின் கீழே ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

ஐஜிஎஸ்டி வரவு போதாமல் ஐஜிஎஸ்டியே பாக்கி நிற்கும் கணக்குகளும் வரும். அப்போது சிஜிஎஸ்டி வரவை முதலில் எடுக்க வேண்டும், அதில் எதுவும் மிஞ்சாதபோதுதான் எஸ்ஜிஎஸ்டி வரவு.

கடைசியாக ரிவர்ஸ் சார்ஜ், அதாவது விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே நேரடியாகக் கட்டும் வரி. மேலே உள்ள வியாபாரிக்கு லாரி வாடகை மேல் ரிவர்ஸ் சார்ஜில் சிஜிஎஸ்டி 500, எஸ்ஜிஎஸ்டி 500 கட்ட வேண்டி வந்தது என்று வையுங்கள். பலர் இதை 30,000உடன் கூட்டி 30,500 ஆக்கி, வரவில் கழித்துவிடுகிறார்கள். சட்டத்தில் வெளியீட்டு வரி என்ற சொல்லின் வரையறைக்குள் ரிவர்ஸ் சார்ஜ் வரி வராது, ஐடிசியை வெளியீட்டு வரிக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். ஆகவே வரவு எவ்வளவு குவிந்திருந்தாலும் இந்த 1,000 ரொக்கமாகத்தான் போக வேண்டும், செட் ஆஃப் அட்டவணைக்கு வெளியே தனி வரியில் காட்டுங்கள். அப்புறம், கட்டிய 500, 500 வரவாகத் திரும்பி வரும். அதைச் சேர்க்க மறப்பவர்களும் உண்டு. சேர்த்தால் சிஜிஎஸ்டி வரவு 10,500, எஸ்ஜிஎஸ்டி வரவு 25,500. ஐஜிஎஸ்டி வரவை அதே 25,000, 5,000 என்று பிரித்தால் மாத முடிவில் மிச்சம் சிஜிஎஸ்டியில் 5,500, எஸ்ஜிஎஸ்டியில் 500, ரொக்கம் 1,000.