கல்லாவும் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் இருந்தால்

சின்னக் கடைக்காரர்கள் பலர் மாதக் கடைசியில் வங்கி இருப்பைப் பார்த்துத்தான் வியாபாரம் எப்படிப் போகிறது என்று முடிவு செய்கிறார்கள். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு என்றால் அந்த இருப்பு லாபத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒரு மளிகைக் கடையை வைத்துப் பார்ப்போம். மாத ஆரம்பத்தில் வங்கியில் 40,000 ரூபாய் இருந்தது, முடிவில் 42,000. கடைக்காரருக்குத் திருப்தி. ஆனால் அதே கணக்கில் மனைவியின் சம்பளம் 12,000 விழுந்திருக்கிறது. பள்ளிக் கட்டணம், சீட்டு, வீட்டு வாடகை என்று 37,000 வெளியே போயிருக்கிறது. அப்புறம், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி 60,000-லிருந்து 71,000 ஆகிவிட்டது. சரக்கு இருப்பு 2,00,000-லிருந்து 1,98,000 ஆகக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய கடன் 15,000-லிருந்து 17,000 ஆனது.

இப்போது வங்கி இருப்பு, சரக்கு, வர வேண்டிய கடன் மூன்றையும் கூட்டி, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழியுங்கள். ஆரம்பத்தில் 1,95,000, முடிவில் 1,86,000. கடை 9,000 ரூபாய் இளைத்திருக்கிறது. வீட்டுக்கு எடுத்த 37,000-லிருந்து இந்த 9,000-ஐயும் வெளியிலிருந்து வந்த 12,000-ஐயும் கழித்தால் 16,000 வரும். அதுதான் அந்த மாத லாபம். சம்பளம் போக, வீடு கடையிலிருந்து இழுத்தது 25,000. மீதி 9,000-ஐ மொத்த வியாபாரியின் பாக்கியும் குறைந்த சரக்கும்தான் தாங்கின. அவர் என்றைக்குப் பாக்கியைக் கேட்டு நெருக்குகிறாரோ, அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வரும்.

சரி, தனிக் கணக்கு தொடங்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை இன்னும் பழைய சேமிப்புக் கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். பிறகு மாதம் ஒரே தேதியில் ஒரு தொகையை வீட்டுக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, வீட்டுச் செலவை அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கடையின் லாபம் 16,000 என்பதால் 14,000 அனுப்பினால் கடை தாங்கும், 20,000 அனுப்பினால் மறுபடி பாக்கி ஏறும்.

வங்கிக் கணக்கைப் பிரித்தாலும் பிடிபடாத ஓட்டை ஒன்று உண்டு. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசி, எண்ணெய், பருப்பு. பணம் கைமாறாததால் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஆனால் சரக்கு குறையும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எடுக்கும்போதே கொள்முதல் விலையில் எழுதிவிடுங்கள். கல்லாவிலிருந்து எடுக்கும் நூறும் இருநூறும் அதே நோட்டில் ஏறட்டும்.

வீட்டுக்கு எடுக்கும் பணத்தைச் சம்பளம் என்று கடைச் செலவில் சேர்ப்பதும் தவறு. தனி உரிமையாளர் கடையில் வருமான வரிக்கு அது செலவாகாது, லாபத்திலிருந்து எடுத்ததாகவே கணக்கு.