தோற்ற சோதனையைக் கதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சோதனை தோற்றது, இருவரும் சோர்ந்துபோனார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுவதுதான் முதல் தவறு. எப்படித் தோற்றது என்ற விவரத்திலிருந்துதான் புதுக் கேள்வி பிறக்க முடியும். அந்த விவரம் இல்லாவிட்டால் கேள்வி வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும்.

கயல், நிஷா என்று இரண்டு மாணவிகளை வைத்துக்கொள்வோம். உப்பு கூடக் கூடப் பச்சைப்பயறு முளைப்பது குறையுமா என்று பார்க்கிறார்கள். நான்கு டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீர், 20 பயறு. ஒன்றில் உப்பே இல்லை; மற்றவற்றில் லிட்டருக்கு 2.5, 5, 10 கிராம் என்ற கணக்கில் உப்பு. மூன்றாம் நாள் உப்பில்லாத டம்ளரிலும் பயறு தோல் வெடித்து, சிலவற்றில் வேர்நுனி மட்டும் எட்டிப்பார்த்து நின்றுவிட்டது. மேலே நுரை, புளித்த வாடை.

பலர் இங்கே உப்பு போட்டவற்றை மட்டும் கெடவிடுவார்கள். அப்படியானால் சோதனை தோற்கவே இல்லை, எதிர்பார்த்த விடைதான் வந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த டம்ளரே கெட்டால்தான் உப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத நிலை வரும்.

அடுத்து, ஆசிரியர் வந்து காரணத்தை விளக்குவது. கதை அங்கேயே படுத்துவிடும். தடயம் மாணவிகளின் கண்ணெதிரே இருக்கட்டும். 2.5 கிராம் டம்ளர் முதல் நாளே கைபட்டுச் சாய்ந்து, அடியில் ஈரம் மட்டும் மிஞ்சியிருந்தது. மேலே தட்டு போட்டு மூடியிருந்ததால் காயவில்லை. அதில் விரல்கணு அளவுக்கு வேர்.

"ஏய், உப்பு போட்டதுல முளைச்சிருக்கு. வெறும் தண்ணில ஏன் முளைக்கல?"

நீர் குடித்த விதை வேகமாகச் சுவாசிக்கும். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவுவதோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. மூழ்கிய பயறு மூச்சுத் திணறி, நொதித்து, அழுகும். முளைகட்ட வைப்பவர்கள் ஊறியதும் நீரை வடிப்பது இதனால்தான். இதை நிஷாவின் அம்மா செய்வதைக் காட்டினாலே போதும், விளக்கப் பத்தி வேண்டாம்.

புதுக் கேள்வியைப் பெரிதாக்கிவிடுவது இன்னொரு தவறு. "உயிர் எப்படித் தொடங்குகிறது?" என்பது அழகாக ஒலிக்கும், ஆனால் பள்ளி மேசையில் அதைச் சோதிக்க முடியாது. "எத்தனை மணி நேரம் மூழ்கினால் பச்சைப்பயறு முளைக்கும் திறனை இழக்கும்?" என்பதைச் சோதிக்கலாம். 6, 12, 24, 48 மணி நேரம் மூழ்கவிட்டு, பிறகு ஈரத்துணிக்கு மாற்றி, மூன்று நாள் கழித்து எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 பயறு கொண்ட மூன்று தட்டுகள். வேர் 2 மில்லிமீட்டர் வந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. இதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நெல் நீருக்கடியிலும் முளை நீட்டும் என்பது சுவையான செய்திதான். ஆனால் அதையும் இதே கதைக்குள் திணித்தால் கேள்வி இரண்டாகப் பிளந்துவிடும்.

இரண்டாவது சோதனை வென்று பரிசு வாங்குவதாக முடிக்கத் தேவையில்லை. 48 மணி நேரம் மூழ்கியதும் 6 மணி நேரம் மூழ்கியதும் ஒரே அளவு முளைத்தால் தங்கள் சந்தேகம் தவறு என்று இருவரும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டால், கதை அங்கேயே நிற்கலாம்.