பவர் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும் ரவுட்டர்

ஐந்து நிமிடம் ஆகியும் பவர் லைட் மினுக்கல் நிற்கவில்லையா? ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தேடி உடனே கிளம்ப வேண்டாம். முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். களைத்துப்போன அடாப்டர் மீட்டரில் 12 வோல்ட் சரியாகவே காட்டும். வைஃபை எழும்பும் நேரத்தில் லோடு தாங்காமல் வோல்டேஜ் இறங்கும், ரவுட்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதே வோல்ட், அதே பின், குறையாத ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் மினுக்கினால், லேன் கேபிளில் கணினியை இணைத்து அதற்கு 192.168.1.10 என்று நிலையான ஐபி கொடுங்கள். ரவுட்டரின் அடியில் வேறு முகவரி அச்சிட்டிருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் இதை ஓடவிட்டு, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

`Destination host unreachable` என்பது உங்கள் கணினியே சொல்வது. அது கணக்கில் வராது. `TTL=` உள்ள வரிகள் சில நொடி வந்து நின்றுபோனால், ரவுட்டரை முதலில் எழுப்பிவிடும் சிறு நிரலான பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் உள்ள ஃபர்ம்வேர்தான் கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்டேட் நடுவில் கரண்ட் போன ரவுட்டர் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றுவதற்கு அர்த்தம் இருப்பது இந்த நிலையில்தான்.

ரீசெட்டை அழுத்தியபடியே பவர் கொடுத்தால் பல மாடல்கள் மீட்பு நிலைக்கு வரும். அதில் ஏற்றும் ஃபர்ம்வேர் ஃபைல் மாடலோடு லேபிளில் உள்ள ஹார்டுவேர் வெர்ஷனுக்கும் பொருந்த வேண்டும். V2-க்கு உரியதை V3-இல் ஏற்றினால் இருக்கிற பூட்லோடரும் போய்விடலாம். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் இதெல்லாம் வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.