மைக் போச்சா, ஸ்பீக்கர் போச்சா? போனிடமே கேளுங்கள்

அழைப்பில் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றதும் மைக்கை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். சாம்சங் போனாக இருந்தால், ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, டயலரில் இதை அடியுங்கள்:

```
*#0*#
```

பெரும்பாலான மாடல்களில் சோதனை மெனு தானாகவே திறக்கும். அதில் Receiver என்பது காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர், Speaker என்பது கீழே உள்ள லவுட்ஸ்பீக்கர். தொட்டால் ஒலி வரும். ஒலியே இல்லை என்றால் அந்தப் பாகமோ அதன் இணைப்போதான் சந்தேகம். மெலிதாகக் கேட்டால் முதலில் ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலையில் உள்ள தூசியையும் ஸ்கிரீன் கார்டு மறைப்பதையும் பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

மைக்குக்கு Samsung Members ஆப்பில் உள்ள பரிசோதனை வசதி உண்டு. பேசிப் பதிவு செய்து, அதையே திரும்பக் கேட்க வேண்டும். லவுட்ஸ்பீக்கரை முதலில் சோதித்துவிடுவது இதனால்தான்: அது கெட்டிருந்தால் நல்ல மைக்கும் கெட்டதுபோலத் தெரியும்.

பதிவு தெளிவாக இருந்தும் அழைப்பில் குரல் போகவில்லையா? அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிப் பாருங்கள். பல போன்களில் அப்போது மேல்பக்க மைக்கும் வேலை செய்யும். ஸ்பீக்கரில் மட்டும் குரல் போனால் கீழ் மைக்கின் துளையைப் பாருங்கள். இரண்டிலும் போகவில்லை, வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் போகிறது என்றால், பெரும்பாலும் நெட்வொர்க் கோளாறு. அதற்குப் போனைப் பிரிக்க வேண்டியதில்லை.