பில் பிரிண்டர் விட்டுவிட்டு வேலை செய்கிறதா? ரவுட்டரை அணைக்காதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்கு வெள்ளிக் கொலுசுக் கடை. பில் பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிலையான ஐபி முகவரி போட்டிருந்தார்கள். காலையில் ஒழுங்காக ஓடும். பதினொரு மணிக்கு மேல் இரண்டு பில் வரும், மூன்றாவது வராது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் மறுபடியும் அதே கதை.

அணைத்துப் போடுவதுதான் முதல் தவறு. எந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல வீட்டு ரவுட்டர்கள் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். அணைத்தால் கணக்கு அழிந்துவிடும், போன்களோ பழைய முகவரியை விடாது. ஒரே முகவரியை இரண்டு சாதனங்கள் பிடித்துக்கொள்ளும் புதிய மோதலுக்கு நாமே வழி செய்கிறோம்.

அடுத்த தவறு, பிங் போட்டுப் பதில் வந்ததும் பிரிண்டர் நன்றாக இருக்கிறது என்று நம்புவது. 50 என்று கூப்பிட்டால் யாரோ பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். யார் என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக இருக்கும் மேக் முகவரிதான் சொல்லும். பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, கணினியில் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து இதைக் கொடுத்தேன்:

```
arp -d 192.168.1.50
ping 192.168.1.50
arp -a
```

முதல் வரி பழைய நினைவை அழிக்கிறது. அதை விட்டுவிட்டால் பிடுங்கிய பிரிண்டரின் மேக்கே இன்னும் தெரிந்து நம்மை ஏமாற்றும். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் மூன்றாவது வரியைப் பாருங்கள். சில போன்கள் பிங்கைக் கண்டுகொள்ளாது, ஆனால் மேக்கைச் சொல்லிவிடும்.

கேபிள் இல்லாமலேயே 50க்கு எதிரே 9a என்று தொடங்கும் ஒரு மேக் வந்தது. பிரிண்டரின் அடியில் ஒட்டியிருந்தது வேறு. இரண்டாவது எழுத்து 2, 6, a, e என்று இருந்தால் அது பெரும்பாலும் போன் தானாகப் புனைந்துகொண்ட முகவரி. பதினொரு மணிக்குக் கடைக்கு வரும் மச்சானின் போன்தான் அது!

சரி, பிரிண்டரின் முகவரியை மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பில் போடும் ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரின் போர்ட் அந்த 50ஐத்தான் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

கோளாறு ரவுட்டரில். அதன் DHCP பக்கத்தில் பங்கிடும் முகவரிகள் 2 முதல் 254 வரை என்றிருந்தது. பிரிண்டரின் 50ம் அதற்குள்தான். அதை 100 முதல் 199 வரை என்று சுருக்கிச் சேமித்தேன். பிறகு மச்சான் போனில் வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் சேர்த்தோம், 100க்கு மேல் ஒரு முகவரி வந்தது. பிரிண்டர் கேபிளைச் செருகி, கணினியில் மறுபடி `arp -d` கொடுத்ததும் நின்றிருந்த மூன்று பில்லும் கடகடவென்று வந்துவிட்டன.